மாதம் ஒருமுறை என்று கேட்டால் என்ன தவறு?

தொழிலில் மூத்தவர் ஒருவருக்கு, "மாதம் ஒருமுறை உங்களோடு பேச முடியுமா?" என்று செய்தி அனுப்பலாமா? கூடாது என்பதுதான் இன்றைக்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில். வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்பில் இதைச் சொல்கிறார்கள், முன்னாள் மாணவர் கூட்டத்தில் சொல்கிறார்கள், மனிதவளத் துறையில் இருக்கும் நண்பர்களும் சொல்கிறார்கள். காரணங்கள் தயாராக இருக்கின்றன. வழிகாட்டி என்பவர் கேட்டு வாங்கக்கூடியவர் அல்லர். பழகப் பழகத் தானாக அமைய வேண்டியவர். முன்பின் பழகாத ஒருவரிடம் மாதக்கணக்கில் நேரம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். வேண்டுமானால் முதலில் பதினைந்து நிமிடம் கேள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கருத்துக்குப் பெரிய இடத்து ஆதரவும் உண்டு. ஃபேஸ்புக்கின் தலைமைச் செயல்பாட்டு அதிகாரியாக இருந்த ஷெரில் சாண்ட்பெர்க் 2013இல் எழுதிய 'லீன் இன்' நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அறிமுகமில்லாதவரிடம் போய் எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா என்று கேட்பது அநேகமாகப் பலிப்பதில்லை என்கிறார் அவர். ஆனால் நன்றாக யோசித்து, குறிப்பாக ஒன்றைக் கேட்டால் புதியவருக்கும் பதில் கிடைக்கும் என்று அதே அத்தியாயத்திலேயே ஒப்புக்கொள்கிறார். மேற்கோள் காட்டுகிறவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள்.

கட்டட வடிவமைப்புத் தொழிலில் இருக்கும் எனக்கு இப்படிப்பட்ட செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் பெறுகிறவனாக நின்று சொல்கிறேன்: இந்த அறிவுரை தலைகீழ். மூத்தவர்களைத் தொந்தரவிலிருந்து காப்பதாக எண்ணி, அவர்களால் பதிலே எழுத முடியாத செய்திகளை இளையவர்களைக் கொண்டு எழுத வைக்கிறது. மாதம் ஒருமுறை, இத்தனை மாதம், இவ்வளவு நேரம், இந்த விஷயம் என்று கேட்பதுதான் மரியாதையான கோரிக்கை. அதைவிடச் சின்னதாகத் தெரிகிற கோரிக்கைகள்தான் உண்மையில் பெரிய சுமை.

வழக்கமான செய்தி எப்படி இருக்கும் என்று பார்ப்போம். "மதிப்பிற்குரிய சார், உங்கள் பணிகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். இந்தத் துறையில் சாதிக்க வேண்டும் என்பது என் லட்சியம். உங்கள் மேலான வழிகாட்டுதல் கிடைத்தால் பெரிய பாக்கியமாக நினைப்பேன். உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பதினைந்து நிமிடம் பேச முடியுமா?"

பணிவுக்குக் குறைவில்லை, நேரமும் அதிகம் கேட்கவில்லை. ஆனால் இதற்குச் சரி என்று சொன்னால் அடுத்து நடக்க வேண்டிய வேலை முழுவதும் என் தலையில்தான் விழும். எந்த நாள் என்று நான் தேட வேண்டும். எதைப் பற்றி என்று நான் யோசிக்க வேண்டும். வந்து உட்கார்ந்தவரிடம் நானே கேள்வி கேட்டு, அவருக்கு எது தெரியவில்லை என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். அது பதினைந்து நிமிடத்தில் நடக்காது. எனவே எல்லா சீனியர்களும் செய்வதையே நானும் செய்வேன்: என் சொந்தக் கதையைச் சொல்வேன். அந்தக் காலத்தில் கையால் கணக்குப் போட்டது, முதல் சைட்டில் பட்ட பாடு, கடைசியில் அடிப்படையை நன்றாகப் படி என்ற புத்திமதி. வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். இருவருக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது. மறுபடி பேசலாமா என்ற கேள்வியை எப்படி எழுப்புவது என்று அவருக்குத் தெரியாது. நானும் எழுப்ப மாட்டேன்.

இப்போது இன்னொரு செய்தியைப் பாருங்கள். இந்த வாதத்துக்காக நானே எழுதிய மாதிரிதான், ஆனால் விவரங்கள் எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பவை. கோவையில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை செய்யும் பெண் பொறியாளர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

"வணக்கம் சார். கோவையில் ஒரு ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சியில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். போன மாதப் பொறியாளர் கூட்டத்தில் ஸ்டில்ட் தளங்களைப் பற்றி நீங்கள் பேசி முடித்ததும் உங்களிடம் ஒரு நிமிடம் பேசினேன்.

ஈடேப்ஸில் மாடல் போட வருகிறது. வரும் விடை சரியா என்று சொல்லத் தெரியவில்லை. இப்போது செய்யும் ஸ்டில்ட் பிளஸ் நான்கு மாடிக் கட்டடத்துக்கு அலைவு நேரம் 1.5 விநாடி வருகிறது, ஐ.எஸ். 1893 சூத்திரப்படி 0.6 விநாடி. எதை நம்புவது என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

ஜூலை முதல் அக்டோபர் வரை, மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் 40 நிமிடம் உங்கள் அலுவலகத்துக்கு வந்து பேசலாமா? ஒவ்வொரு முறையும் என் வேலையிலிருந்து ஒரே ஒரு கேள்வி. இரண்டு பக்கக் குறிப்பைப் புதன்கிழமையே அனுப்பிவிடுவேன். கிளையன்ட் பெயர் அதில் இருக்காது. எங்கள் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நீங்கள் சொல்வதை ஒப்புதலாக எங்கும் காட்ட மாட்டேன். ஒரு மாதம் உங்களுக்கு முடியாவிட்டால் அந்த மாதத்தை விட்டுவிடலாம். முதல் சந்திப்போடு போதும் என்று தோன்றினாலும் ஒரு வரி எழுதினால் போதும். வேலையோ சிபாரிசோ கேட்டு இதை எழுதவில்லை."

படிக்க ஒரு நிமிடம் ஆகாது. கேட்டிருப்பது என்னவோ பெரிதுதான்: நான்கு சந்திப்பு, மொத்தம் 160 நிமிடம். பதினைந்து நிமிடம் கேட்டவரைவிடப் பத்து மடங்குக்கும் மேல். இருந்தாலும் இதற்கு என்னால் உடனே பதில் எழுத முடியும். நாள் தெரியும், நேரம் தெரியும், முடியும் மாதம் தெரியும், முதல் கேள்வியும் கையில் இருக்கிறது. டைரியைப் பார்த்து ஆகும் அல்லது ஆகாது என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. மூத்தவர்கள் தயங்குவது நேரத்தின் அளவைப் பார்த்து அல்ல. எங்கே போய் முடியும் என்று தெரியாத உறவைப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள். 'வழிகாட்டியாக இருங்கள்' என்பதில் அந்த முடிவு தெரியாது, 'நேரம் கிடைக்கும்போது' என்பதிலும் தெரியாது. 'அக்டோபர் வரை' என்று எழுதிவிட்டால் பயம் போய்விடுகிறது.

தொழிலிடத்து வழிகாட்டல் உறவுகளை முதன்முதலில் நெருங்கி ஆராய்ந்தவர்களில் ஒருவர் கேத்தி கிராம். 1985இல் வெளிவந்த தன் நூலில், அந்த உறவு தொடங்கி, வளர்ந்து, பிரிந்து, வேறொன்றாக மாறுகிறது என்று நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். பிரிவு என்பது அங்கே தோல்வி அல்ல, உறவின் இயல்பான பகுதி. நம் ஊரில் இந்தப் பிரிவைச் சொல்லிச் செய்யும் வழக்கம் இல்லை. தொடங்கியதைச் சொல்லாமல் கைவிடுவோம்; பிறகு ஒருவரை ஒருவர் திருமண மண்டபத்தில் பார்த்துவிடாமல் ஒதுங்குவோம். முடிவு மாதத்தை முதல் செய்தியிலேயே எழுதிவிட்டால் அந்தச் சங்கடம் வராது. அக்டோபரில் இருவருக்கும் விருப்பம் இருந்தால் புதிதாக ஒப்புக்கொள்ளலாம். இல்லையென்றால் சொன்னபடி முடிந்தது என்று விடைபெறலாம்.

"சரி, முடிவு தேதி நல்லதுதான். அதை ஏன் ஒரே சந்திப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது?" என்று கேட்பார்கள். இங்கேதான் பதினைந்து நிமிடக் கட்சியின் அடிப்படைத் தவறு இருக்கிறது. அறிவுரை சொல்லப்படுவது முதல் சந்திப்பில். அது பலித்ததா என்று தெரிவது இரண்டாம் சந்திப்பில். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது வெறும் பேச்சு. மேலே சொன்ன கேள்வியையே எடுத்துக்கொண்டு இதைக் காட்டுகிறேன்.

அலைவு நேரம் என்பது, பக்கவாட்டில் தள்ளி விட்டால் கட்டடம் ஒருமுறை இப்படியும் அப்படியும் ஆடி முடிக்க எடுக்கும் நேரம். நிலநடுக்கத்தின்போது கட்டடத்தின் மீது எவ்வளவு விசை வரும் என்பது இதைப் பொறுத்தது. கான்கிரீட் சட்டகக் கட்டடத்துக்கு உயரத்தை மட்டும் வைத்து இதை மதிப்பிட ஐ.எஸ். 1893 விதிநூலில் ஒரு சூத்திரம் உண்டு. தளத்துக்கு 3.2 மீட்டர் வீதம் ஸ்டில்ட்டும் சேர்த்து ஐந்து தளத்துக்கு 16 மீட்டர் உயரம் என்றால் 0.6 விநாடி வரும். ஈடேப்ஸ் மென்பொருள் 1.5 என்கிறது. இரண்டரை மடங்கு.

முதல் சனிக்கிழமை அந்தப் பொறியாளர் இந்தக் கேள்வியோடு வருகிறார். அனுபவமுள்ள எந்த சீனியரும் மாடலைத் திறக்கச் சொல்ல மாட்டார். "கட்டடத்தோட மொத்த எடை என்னம்மா?" என்று கேட்பார். அவருக்குத் தெரியாது. நான்கு வருடம் மாடல் போட்டவர்களில் பலருக்குத் தெரியாது. மென்பொருள் அதைத் தானே கணக்கிட்டுக்கொள்வதால் யாரும் பார்ப்பதில்லை. சரி, காகிதத்தில் போடலாம். தளம் 16க்கு 20 மீட்டர், அதாவது 320 சதுர மீட்டர். சாதாரண அடுக்ககத்துக்குத் தூண், பீம், ஸ்லாப், சுவர் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 டன் என்று வைத்துக்கொண்டால் ஒரு தளத்துக்கு 384 டன், ஐந்துக்கு 1,920 டன். இப்போது மடிக்கணினியைத் திறந்து, மென்பொருள் எவ்வளவு எடை எடுத்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். 3,000 டன்.

ஆயிரம் டன்னுக்கு மேல் எங்கிருந்து வந்தது? இந்தத் தவறு எங்கள் தொழிலில் பிரசித்தம். நிறையை எதிலிருந்து எடுப்பது என்று ஈடேப்ஸ் கேட்கும் இடத்தில் உள்ள வழிகளில் இரண்டைக் கவனிக்க வேண்டும்: உறுப்புகளின் சொந்த நிறை என்பது ஒன்று, குறிப்பிட்ட சுமைகள் என்பது இன்னொன்று. சுமைகளுக்குள் நிலைச்சுமையைச் சேர்த்தால் அதற்குள்ளேயே சொந்த எடை அடங்கியிருக்கும். இரண்டையும் டிக் செய்துவிட்டால் கான்கிரீட்டின் எடை இருமுறை சேர்ந்துவிடும். ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் எடை 1,900 டன் பக்கத்துக்கு இறங்குகிறது, அலைவு நேரம் 1.2 விநாடிக்கு வருகிறது. அலைவு நேரம் நிறையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் இந்த இறக்கம் கணக்குக்கும் ஒத்துப்போகிறது.

0.6க்கும் 1.2க்கும் இடையிலான மிச்ச வித்தியாசம் தவறல்ல. விதிநூல் சொல்கிறபடி, விரிசல் விட்ட கான்கிரீட்டின் விறைப்பு குறையும் என்று கணக்கில் பீமுக்கு 0.35, தூணுக்கு 0.70 என்று பெருக்கிக் குறைத்திருக்கிறோம். செங்கல் சுவர்களின் விறைப்பை மாடலில் சேர்க்கவே இல்லை. அதனால் மாடல் உண்மைக் கட்டடத்தைவிடத் தளர்வாக ஆடும். இதுதான் அவர் கேட்ட கேள்விக்கு விடை, நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ஆனால் வழிகாட்டல் இன்னும் நடக்கவில்லை. ஒரு பிழை திருத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவே. இதை ஏதாவது ஒரு கையேட்டிலோ காணொளியிலோகூட அவர் கண்டுபிடித்திருக்க முடியும். சீனியர் விடைபெறும்போது சொல்வது முக்கியம்: "இனி எந்த மாடலையும் ஓட்டுவதற்கு முன்னாடி எடையைக் கையால போட்டு ஓரத்துல எழுதி வச்சுக்கோ. அடுத்த தடவை வரும்போது உங்க ஆபீஸ்ல முடிஞ்ச மூணு கட்டடத்துக்குப் போட்டுக்கிட்டு வா."

ஆகஸ்டில் அவர் மூன்று கட்டடத்தின் எடையோடு வருகிறார். இரண்டு ஒத்துப்போகின்றன. மூன்றாவதில் மென்பொருளின் எடை கைக்கணக்கைவிடக் குறைவு. ஏன் என்று சீனியரிடம் கேட்பதற்கு முன்பே புதன்கிழமைக் குறிப்பு எழுதும்போது அவரே கண்டுபிடித்திருக்கிறார்: ஒரு தளத்தின் பீம்கள் மீது சுவர்ச் சுமை கொடுக்க விட்டுப்போயிருக்கிறது. ஒன்பது அங்குலச் சுவர் தள உயரத்துக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒன்றேகால் டன் வரும், சின்ன விஷயமல்ல. முதல் தவறு பாதுகாப்பான பக்கத்தில் இருந்தது, வீண் கம்பி மட்டுமே செலவு. இந்தத் தவறு ஆபத்தான பக்கத்தில் இருக்கிறது. இப்போது சனிக்கிழமைப் பேச்சு வேறு தளத்துக்குப் போகிறது: முடிந்த வேலையில் தவறு கண்டால் அலுவலகத்தில் யாரிடம், எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியை எந்தக் காணொளியும் சொல்லித்தராது. முதல் பதினைந்து நிமிடத்தில் இந்தக் கேள்வி எழவும் எழாது.

மாதம் என்ற இடைவெளிக்கும் காரணம் இருக்கிறது. வாரம் ஒருமுறை வந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. எங்கள் வேலையில் ஒரு மாடல் டிராயிங்காகிச் சைட்டுக்குப் போக வாரங்கள் ஆகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் போன தடவை என்ன பேசினோம் என்பதை நினைவுபடுத்தவே பாதி நேரம் போய்விடும். மாதம் என்பது சொன்னதைச் செய்து பார்க்கப் போதுமான அவகாசம், மறந்துவிடப் போதாத அவகாசம். வேறு தொழிலில் இது ஆறு வாரமாகவோ இரண்டு வாரமாகவோ இருக்கலாம். வேலை ஒரு சுற்று முடிய எத்தனை நாள் ஆகிறதோ அதுவே கணக்கு.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். தானாக அமைந்த வழிகாட்டலே அதிகப் பலன் தருகிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. பெல் ரோஸ் ரேகின்ஸ், ஜான் காட்டன் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பொறியாளர்கள், சமூகப் பணியாளர்கள், பத்திரிகையாளர்கள் ஆகியோரிடையே, முறைசாரா வழிகாட்டிகளைப் பெற்றவர்கள் முறைசார்ந்த வழிகாட்டிகளைப் பெற்றவர்களைவிட அதிக உதவி கிடைத்ததாகச் சொன்னார்கள். இதைக் காட்டித்தான், "பார்த்தீர்களா, ஏற்பாடு செய்தால் வேலைக்கு ஆகாது" என்கிறார்கள்.

ஆனால் அந்த ஆய்வில் முறைசார்ந்தது என்று சொல்லப்படுவது நிறுவனம் தன் திட்டத்தின் கீழ் ஜோடி சேர்த்துவிட்ட உறவு. மூத்தவரும் தேர்ந்தெடுக்கவில்லை, இளையவரும் தேர்ந்தெடுக்கவில்லை. மனிதவளத் துறையின் பட்டியலில் இரண்டு பெயர் பக்கத்தில் விழுந்தன. நான் சொல்லும் செய்தி அந்த வகை அல்ல. இளையவர் ஒருவரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து எழுதுகிறார். மூத்தவர் கேள்வியைப் படித்துப் பார்த்து விருப்பமிருந்தால் ஒப்புக்கொள்கிறார். முறைசாரா உறவை நல்லதாக்குவது இந்தப் பரஸ்பரத் தேர்வு என்றால், அது இங்கே முழுமையாக இருக்கிறது. தேதியும் நேரமும் குறிப்பிடுவதால் அது கெட்டுவிடாது. பாட்டு வாத்தியார் செவ்வாய், வெள்ளி என்று நாள் குறித்து வந்தார் என்பதற்காக அவருக்கும் மாணவிக்கும் நடுவில் பாசம் வளராமல் போனதில்லை.

அடுத்த வாதம்: முன்பின் தெரியாதவரிடம் கேட்டால் மறுப்புத்தான் வரும். இங்கே நம் கணிப்பே பிழை. ஃபிராங்க் ஃபிளினும் வனெஸா லேக்கும் 2008இல் வெளியிட்ட ஆய்வுகளில், அந்நியர்களிடம் சின்ன உதவி கேட்கப் போகிறவர்களிடம், எத்தனை பேரைக் கேட்டால் தேவையான அளவுக்குச் சம்மதம் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள். நடைமுறையில், நினைத்ததில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கேட்டதுமே சம்மதம் கிடைத்துவிட்டது. முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதைக் கேட்கிறவர் எண்ணிப்பார்ப்பதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இதை நான் அளவுக்கு மீறி இழுக்க விரும்பவில்லை. அங்கே கேட்கப்பட்டவை கேள்வித்தாள் நிரப்புவது, கைப்பேசி இரவல் கேட்பது போன்றவை. நான்கு சனிக்கிழமை அல்ல. அதோடு அவை நேரில் கேட்கப்பட்டவை. மஹ்தி ரோகனிசாத்தும் அதே வனெஸாவும் (இப்போது வனெஸா போன்ஸ்) 2017இல் காட்டியது இதற்கு மறுபக்கம்: அந்நியருக்கு மின்னஞ்சலில் வைக்கும் கோரிக்கை, நேரில் வைக்கும் கோரிக்கையைவிட மிகப் பலவீனமானது. எழுதுகிறவருக்கோ அது தெரிவதில்லை. தன் மின்னஞ்சலை நம்பிக்கையோடு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்.

எனவே கேட்காதே என்ற அறிவுரையை நான் மறுத்தாலும், எழுதினால் போதும் என்று சொல்ல மாட்டேன். மாதிரிச் செய்தியின் முதல் பத்தியில் 'உங்களிடம் ஒரு நிமிடம் பேசினேன்' என்ற வரி அலங்காரத்துக்கு அல்ல. அந்த ஒரு நிமிடத்தில் வழிகாட்டல் கேட்க வேண்டியதில்லை. பேச்சிலிருந்து ஒரு கேள்வி கேட்டு, "இதைப் பற்றி உங்களுக்கு எழுதலாமா சார்?" என்று கேட்டால் போதும். எழுதுங்கள் என்று வாயால் சொன்னவர் செய்தி வரும்போது அதைத் திறக்கிறார். ஊரில் நடக்கும் பொறியாளர் சங்கக் கூட்டம், தொழில்நுட்பச் சொற்பொழிவு எதுவும் இதற்குப் போதும்.

இனி நான் உண்மையில் கோபப்படும் இடம். தானாக அமையட்டும் என்பது எல்லாருக்கும் பொதுவான அறிவுரை போல ஒலிக்கிறது. எல்லாருக்கும் பொதுவாக நடப்பதில்லை. எங்கள் தொழிலில் வழிகாட்டி யாருக்குத் தானாக அமைகிறார்? சைட்டிலிருந்து திரும்பும்போது சீனியரின் காரில் ஏறிக்கொள்கிறவருக்கு. இரவு எட்டு மணிக்கு மேல் அலுவலகத்தில் இருந்து டீ குடித்துக்கொண்டே பேச முடிகிறவருக்கு. அப்பாவுக்குத் தெரிந்தவர், ஒரே ஊர்க்காரர், ஒரே கல்லூரி என்று ஏதோ ஒரு நூல் இருக்கிறவருக்கு. ஆறரை மணிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டிய பெண்ணுக்கும், குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்தவருக்கும் எதுவும் தானாக அமைவதில்லை. அவர்களிடம் போய்க் கேட்காதே, காத்திரு என்பது வாசலைச் சாத்திவிட்டு, வாசல் தானாகத் திறக்கும் என்று சொல்வதற்குச் சமம்.

கேட்டாலும் சமநீதி கிடைத்துவிடாது என்பதும் உண்மை. கேத்ரின் மில்க்மன், மொடுப்பே அக்கினோலா, டாலி சுக் ஆகிய மூவர் அமெரிக்காவில் 259 பல்கலைக்கழகங்களில் 6,500க்கும் அதிகமான பேராசிரியர்களுக்கு, முனைவர் பட்டம் படிக்க விரும்பும் மாணவர் எழுதுவது போல, பத்து நிமிடச் சந்திப்பு கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். வாசகம் ஒன்றே. அனுப்பியவரின் பெயரில் மட்டும் ஆண், பெண், வெள்ளையர், கறுப்பினத்தவர், இந்தியர், சீனர் போன்ற வேறுபாடு. 2012இல் வெளியான அவர்களுடைய முடிவில் ஒரு நுட்பம் இருக்கிறது. இன்றைக்கே பார்க்கலாமா என்று கேட்டவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த வாரம் பார்க்கலாமா என்று கேட்டபோது வெள்ளை ஆண்களுக்குச் சாதகம் தெளிவாகத் தெரிந்தது.

ஒரே சொற்களில் எழுதிய செய்தியையே பெயர் பார்த்து எடைபோடும் உலகம் இது என்றால், எழுத்தே இல்லாமல் பழக்கத்தில் மட்டும் அமைகிற உறவில் அந்த எடைபோடல் எவ்வளவு தாராளமாக நடக்கும்? செய்தியிலாவது கேள்வி இருக்கிறது. 1.5 விநாடியா 0.6 விநாடியா என்பதற்குச் சாதியும் ஊரும் பாலும் இல்லை. அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு ஒதுக்குகிறவர், எதை ஒதுக்குகிறோம் என்று தெரிந்தே ஒதுக்க வேண்டியிருக்கும்.

இந்தச் செய்தி எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தன் நேரடி மேலாளருக்கு இதை அனுப்பக் கூடாது. சம்பளம் நிர்ணயிப்பவரிடம் எனக்கு இது தெரியாது என்று மாதந்தோறும் போய்ச் சொல்ல யாராலும் முடியாது. போட்டி அலுவலகத்தின் தலைவருக்கு எழுதுவதானால் தன் அலுவலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் இன்னொரு கோடும் உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் என்ற பொறுப்பை வகுத்திருக்கிறது. வடிவமைப்புக்குக் கையெழுத்திட்டவர்தான் அதற்குப் பொறுப்பு. சனிக்கிழமை காலையில் டிராயிங்கைப் பார்த்து ஒருவர் தலையசைத்ததை, அவர் சரி பார்த்துவிட்டார் என்று அலுவலகத்தில் போய்ச் சொன்னால், அந்த சீனியர் இனி யாரையும் உள்ளே விட மாட்டார். 'ஒப்புதலாக எங்கும் காட்ட மாட்டேன்' என்ற வரி அதற்காகத்தான். மருத்துவராக இருந்தால் நோயாளியின் பெயர், வழக்கறிஞராக இருந்தால் கட்சிக்காரரின் ரகசியம் என்று அந்தந்தத் தொழிலுக்கு அந்த வரி மாறும். ஆனால் இருந்தாக வேண்டும்.

பதில் வராவிட்டால்? இரண்டு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் முடியாது என்று எடுத்துக்கொண்டு, முதல் பத்தியை மட்டும் மாற்றி வேறொருவருக்கு அனுப்பலாம். கேள்வி வீணாகவில்லை. 'உங்கள் மேலான வழிகாட்டுதல்' என்று எழுதியவர் மறுக்கப்படும்போது, தானே மறுக்கப்பட்டதாக உணர்கிறார். ஏனென்றால் அந்தச் செய்தியில் அவரையும் அவருடைய பணிவையும் தவிர வேறு ஒன்றும் இல்லை. அலைவு நேரத்தைப் பற்றிக் கேட்டவருக்கு மறுக்கப்படுவது நான்கு சனிக்கிழமை மட்டும்.

அறிவுரை சொல்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூத்தவர்களைக் காப்பாற்றும் பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டாம். தேதி போட்டு வரும் கோரிக்கைக்கு முடியாது என்று சொல்ல எங்களுக்குத் தெரியும். இளையவர்களிடம் கேட்காதே என்று சொல்வதற்குப் பதிலாக, கேட்பதற்கு முன் உன் வேலையிலிருந்து ஒரு கேள்வியை எண்ணோடு எழுதிக் காட்டு என்று சொல்லுங்கள். அப்படி ஒரு கேள்வி கிடைக்காதவர் செய்தி அனுப்பாமல் இருப்பதே நல்லது. கிடைத்தவர் நான்கு மாதம் கேட்கட்டும்.